மழைத்தண்ணீருக்குத் தனி சம்ப் தேவையா, இருக்கிற சம்ப்பே போதுமா?

மொட்டைமாடித் தண்ணீரைக் கக்கூஸ் ஃபிளஷுக்கும் துணி துவைக்கவும் பயன்படுத்த மதுரைப் பக்கம் இரண்டு வழிகளைப் பார்க்கலாம். வடிகுழாயை வடிகட்டி வழியாக ஏற்கனவே உள்ள சம்ப்பில் இறக்குவது ஒன்று. தனி சம்ப், தனி மோட்டார், தனி லைன் என்று பிரிப்பது இன்னொன்று. முதல் வழிக்குச் செலவு மிகக் குறைவு. ஆனாலும் எங்கள் ஓட்டு இரண்டாவதற்கே.

பொது சம்ப்பில் முதல் சிக்கல் இடம். மோட்டார் போட்டு போர் தண்ணீரை நிரப்பி வைத்திருப்போம். சாயங்காலம் இடியோடு மழை வரும்போது சம்ப்பில் நாலு குடம் தண்ணீருக்குக்கூட இடம் இருக்காது. வந்ததெல்லாம் வழிந்து தெருவுக்குப் போகும். இரண்டாவது, உப்புத் தண்ணீரோடு கலந்ததும் மழைத்தண்ணீரின் மென்மை பாதி போய்விடும். சோப்பு நன்றாக நுரைக்கத்தானே துணிக்கு மழைத்தண்ணீரைத் தேடுகிறோம்! மூன்றாவதுதான் பெரிது: மாடியில் கிடக்கும் புறா எச்சத்தின் கிருமியை மணல் வடிகட்டி முழுதாக நிறுத்தாது. ஃபிளஷில் அது பொருட்டில்லை. அதே தண்ணீர் அடுப்படிக் குழாயிலும் வந்தால் பொருட்டுதான்.

தனி சம்ப்புக்கு ஒரு கணக்கு. 1,000 சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர். 30 மி.மீ. மழை பெய்தால், அழுக்கான முதல் 2 மி.மீ. தண்ணீரை வெளியே விட்டு, சிந்துவதையும் கழித்தால் சுமார் 2,200 லிட்டர் சேரும். நாலு பேர் ஆளுக்கு ஐந்து தடவை, தடவைக்கு 6 லிட்டர் ஃபிளஷ் செய்தால் நாளுக்கு 120 லிட்டர். வாஷிங் மெஷினுக்கு 80 சேர்த்தால் 200. நீளமும் அகலமும் ஆறரை அடி, தண்ணீர் ஆழம் ஐந்து அடி என்று கட்டினால் 6,000 லிட்டர் பிடிக்கும்; அது முப்பது நாள் வரும். மார்கழியில் நிரம்பிய தொட்டி தை கழிவதற்குள் காலியாகிவிடும். அதற்குப் பிறகு அந்த லைனுக்கு வேறு தண்ணீர் கொடுத்தாக வேண்டும். தவறு நடப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இரண்டு லைனையும் ஒரு கேட் வால்வ் வைத்து இணைத்துவிடுவது சுலபம், செய்யக்கூடாது. வால்வ் கசியத் தொடங்கினால் மழைத்தண்ணீர் குடிதண்ணீர் லைனுக்குள் போகும், யாருக்கும் தெரியாது. மாடியில் மழைத்தண்ணீருக்கு 500 லிட்டர் தனி டேங்க் வைத்து, போர் தண்ணீர்க் குழாயின் வாயை அதன் விளிம்புக்கு மேலே இரண்டு அங்குலம் தள்ளி, காற்றில் தொங்கும்படி நிறுத்துங்கள். டேங்க் வழிந்தாலும் தண்ணீர் பின்னால் ஏற வழியிருக்காது.

வடிகட்டியிலும் இரண்டு கட்சி உண்டு. வெறும் வலைப் பெட்டி இலையை நிறுத்தும், தூசியை விடும். ஃபிளஷுக்கு மட்டும் என்றால் அதுவே போதும். மெஷினுக்கும் என்றால் மணல் வடிகட்டி வேண்டும்: கீழே ஒன்றரை ஜல்லி, நடுவே முக்கால் ஜல்லி, மேலே அலசிய பருமணல், எல்லாவற்றுக்கும் மேல் வலை. சன்ன மணல் போட்டால் பெருமழையில் தண்ணீர் இறங்காமல் தேங்கும். மேல்மணலில் சேறு படிந்தாலும் இப்படித்தான் ஆகும். அப்போது மேலே ஒரு அங்குலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மணல் போட வேண்டும். கரி இந்த வேலைக்குத் தேவையில்லை.

சம்ப்புக்குள் வரும் குழாயை அடிவரை இறக்கி, முனையை மேல்நோக்கித் திருப்பிவிட்டால் அடியில் படிந்த வண்டல் கலங்காது. ஃபுட் வால்வும் தரையிலிருந்து அரை அடி மேலே நிற்கட்டும். வழிகுழாய் வாயில் கொசுவலை கட்டாயம். தண்ணீரில் அழுகின முட்டை வாடை வந்தால் அடியில் இலை மக்குகிறது என்று அர்த்தம்; குளோரின் போட்டு மறைக்காமல் வண்டலை அள்ளுங்கள்.

கக்கூஸில் இன்னொரு பொறி இருக்கிறது. ஃபிளஷ் டேங்குக்கும் ஹெல்த் ஃபாசெட்டுக்கும் சேர்த்து இரட்டை வாய் உள்ள ஒரே ஆங்கிள் காக் போடுவது பிளம்பர்களின் வழக்கம். அப்படியே விட்டால் உடம்பில் படுவதும் மழைத்தண்ணீராகும். இரண்டுக்கும் தனித்தனிக் காக், தனித்தனி லைன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பழைய வீட்டில் சுவரை உடைக்க வேண்டாம். கக்கூஸின் வெளிச்சுவரை ஒட்டி முக்கால் இஞ்ச் குழாய் இறக்கி, ஃபிளஷுக்கும் மெஷினுக்கும் மட்டும் கொடுத்தால் போதும். வெயில் படும் இடத்தில் பிளாஸ்டிக் குழாய் நொறுங்கும். பச்சைப் பெயின்ட் அடித்தால் வெயிலையும் தாங்கும், இது எந்த லைன் என்று அடுத்து வரும் பிளம்பருக்கும் தெரியும்.

வேலை முடிந்ததும் பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை. நல்ல தண்ணீர் டேங்கின் வால்வை மூடிவிட்டு, வீட்டில் எல்லாக் குழாயையும் திறந்துவிடுங்கள். லைனில் நின்ற தண்ணீர் வடிந்த பிறகும் அடுப்படிக் குழாயோ ஷவரோ ஓடிக்கொண்டிருந்தால் எங்கேயோ இரண்டும் சேர்ந்திருக்கிறது. பிறகு மழைத்தண்ணீர் டேங்கை மூடி, மற்றதைத் திறந்து இதையே திருப்பிச் செய்யுங்கள். இம்முறை ஃபிளஷ் டேங்க் நிரம்பக்கூடாது.