கரும்புக் காட்டுக்குள் லோராவும் என்பி-ஐஓடியும்: மூன்று வருட அனுபவம்

கோபிசெட்டிபாளையம் பக்கம் வாய்க்கால் பாசனத்தில் எங்களுக்குக் கரும்பும் தென்னையும். வீட்டைச் சுற்றி இருக்கும் நிலத்தில் 14 மண் ஈர சென்சார்கள், குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் பேசும் ரேடியோவான லோராவில் ஓடுகின்றன. ஒன்பது கிலோமீட்டர் தள்ளி ஓடையோரம் இன்னொரு துண்டு நிலம் உண்டு. அங்கே லோரா எட்டாது என்பதால், சிம் போட்டு செல்போன் டவர் வழியாகத் தகவல் அனுப்பும் என்பி-ஐஓடி சென்சார்கள் நான்கு வைத்தேன். எல்லாவற்றிலும் ஒரே பேட்டரிதான்: 3.6 வோல்ட், 19 ஆம்பியர்-மணி லித்தியம் தயோனைல் குளோரைடு செல். மூன்று வருடம் இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். எவ்வளவு தூரம் எட்டும் என்ற கேள்வியோடுதான் நானும் ஆரம்பித்தேன். சிக்னல் குறையும்போது அந்தச் சுமையைப் பேட்டரி எப்படித் தாங்குகிறது என்பதுதான் கடைசியில் பெரிய விஷயமாக நின்றது.

என்பி-ஐஓடி வைத்தது மிகச் சுலபம். கம்பம் நட்டு, பெட்டியை மாட்டிவிட்டு வந்தேன், அன்று மாலையே போனில் எண்கள் வந்தன. மேட்டில் இருந்த இரண்டும் மூன்றாம் வருடத்திலும் முதல் பேட்டரியிலேயே ஓடுகின்றன. பள்ளத்தில் ஓடைக்கரையில் இருந்த இரண்டும் பதினோராம் மாதம் ஒரே வாரத்தில் நின்றுவிட்டன. முந்தின நாள் வரை பேட்டரி நூறு சதவீதம் என்றே காட்டின. பத்து வருடம் உழைக்கும் என்று சொல்லித்தான் அவற்றை எனக்கு விற்றார்கள்.

காரணம் பிடிபட ஒரு மாதம் ஆனது. டவர் சிக்னல் பலவீனமாக இருக்கும் இடத்தில் என்பி-ஐஓடி தோற்றுப்போவதில்லை, அதே தகவலைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. சென்சாரிலிருந்து டவருக்கு 128 முறை வரை திருப்பி அனுப்ப விதிமுறை இடம் கொடுக்கிறது. அதனால்தான் பள்ளத்திலிருந்தும் தகவல் தவறாமல் வந்தது, நானும் எல்லாம் நன்றாக இருப்பதாக நம்பினேன். மின்னோட்டத்தை அளந்து பார்த்தபோதுதான் நிலவரம் தெரிந்தது. மேட்டுச் சென்சார் ஒரு தகவலை எட்டு விநாடியில் முடித்துவிட்டுத் தூங்கப் போகிறது. பள்ளத்துச் சென்சார் எழுபது விநாடி விழித்திருக்கிறது, அதுவும் சராசரியாக 90 மில்லிஆம்பியர் இழுத்துக்கொண்டு. அதாவது ஒரு தகவலுக்கு 1.75 மில்லிஆம்பியர்-மணி. மணிக்கு ஒன்று என்றால் நாளைக்கு 42. அந்தக் கணக்கிலும் 19,000 கொண்ட செல் பதினைந்து மாதம் வர வேண்டும். ஆனால் இந்த வகைச் செல் சொட்டுச் சொட்டாகக் கொடுப்பதற்குச் செய்தது. திடீரென்று 200 மில்லிஆம்பியருக்கு மேல் இழுத்தால் மின்னழுத்தம் சரிந்து, மோடம் அணைந்து, மறுபடி எழுந்து டவரைத் தேடத் தொடங்கும். அந்தத் தேடலுக்கும் பேட்டரிதான் கரையும்.

நூறு சதவீதம் என்று காட்டியதற்கும் காரணம் அந்தச் செல்தான். தீரும் தறுவாய் வரை அதன் மின்னழுத்தம் 3.6-ஐ ஒட்டியே நிற்கும். சென்சார் ஓய்வில் இருக்கும்போது அளந்தால் ஒன்றும் தெரியாது. தகவல் அனுப்பும் நொடியில் எவ்வளவு சரிகிறது என்று பார்க்க வேண்டும். இப்போது என் நான்கு சென்சார்களும் அந்த அளவையும், ஒவ்வொரு முறையும் எத்தனை விநாடி விழித்திருந்தன என்பதையும் சேர்த்தே அனுப்புகின்றன. விழிப்பு நேரம் ஏறத் தொடங்கினாலே போய்ப் பார்த்துவிடுகிறேன்.

பள்ளத்தில் இரண்டு மாற்றம் செய்தேன். ஆன்டெனாவைப் பெட்டிக்கு வெளியே எடுத்து இரண்டு மீட்டர் குழாய் மேல் வைத்தேன். மணிக்கொரு முறை அளந்ததைச் சேர்த்துவைத்து நாளைக்கு நான்கு முறை மட்டும் அனுப்ப வைத்தேன். எழுபது விநாடியே ஆனாலும் இது நாளைக்கு ஏழு மில்லிஆம்பியர்-மணிதான். மண் ஈரம் ஆறு மணி நேரம் தாமதமாகத் தெரிவதால் கரும்புக்கு ஒரு நட்டமும் இல்லை.

லோரா பக்கம் பேட்டரி ஒரு பிரச்சினையே ஆகவில்லை. லோராவும் சிக்னல் குறைந்தால் நிதானமாகத்தான் பேசும். பத்து பைட் தகவலுக்கு வேகமான எஸ்எஃப்-7 நிலையில் 62 மில்லிவிநாடி போதும், மெதுவான எஸ்எஃப்-12 நிலையில் ஒன்றரை விநாடி ஆகும். இருபத்து நான்கு மடங்கு வித்தியாசம் என்றாலும், மொத்தமே ஒன்றரை விநாடிதான், இழுப்பதும் 45 மில்லிஆம்பியர்தான். அரை மணிக்கு ஒன்று அனுப்பினாலும் நாளைக்கு ஒரு மில்லிஆம்பியர்-மணி கூட வராது. டவரோடு பேசிப் பதிவு செய்யும் வேலையும் ஒவ்வொரு முறையும் கிடையாது, சொல்லிவிட்டுத் தூங்கிவிடும்.

லோராவில் நான் பட்ட பாடு வேறு. கரும்பு நட்ட புதிதில் வயல் வெட்டவெளி. மேல்நிலைத் தொட்டி மேல் இருந்து எல்லாச் சென்சார்களின் தகவலையும் வாங்கி இணையத்துக்கு அனுப்பும் கேட்வே, சிக்னல் நன்றாக இருக்கிறது என்று பார்த்து ஒவ்வொரு சென்சாரையும் எஸ்எஃப்-7க்கு மாற்றிவிட்டது. ஏடிஆர் என்னும் தானியங்கி வேகச் சரிசெய்தல் இது. ஏழாம் மாதம் கரும்பு ஆள் உயரத்தைத் தாண்டி, ஒரு மீட்டர் கம்பத்தில் இருந்த சென்சார்களை மூடிவிட்டது. ஐப்பசி மழையில் தோகையெல்லாம் நனைந்து நின்றபோது நடுக்காட்டில் இருந்த மூன்று சென்சார்கள் காணாமல் போயின. இரண்டு நாள் கழித்து ஒவ்வொன்றாகத் தாமே திரும்பி வந்தன. தண்ணீர் இறங்கியிருக்கும் என்று ஒரு பெட்டியைக் கழற்றிக்கூடப் பார்த்தேன்.

உண்மையில் அது விதிமுறைப்படியே நடந்தது. கேட்வேயிடமிருந்து பதில் ஏதும் வராவிட்டால், சென்சார் 64 தகவல் வரை பொறுத்திருக்கும். பிறகு "கேட்கிறதா?" என்ற குறியைச் சேர்த்து இன்னும் 32 அனுப்பும். அதற்கும் பதில் இல்லையென்றால்தான் மெதுவான நிலைக்கு இறங்கத் தொடங்கும். மொத்தம் 96 தகவல், அரை மணிக்கு ஒன்று என்றால் சரியாக 48 மணி நேரம். மணிக்கு ஒன்று அனுப்புபவர்களுக்கு நான்கு நாள் ஆகும். அதன் பிறகும் ஒவ்வொரு படி இறங்க இன்னொரு 32 தகவல் வேண்டும். மொட்டைக் காட்டில் சோதித்து வைத்த சென்சாரை மழைக்காலம் இப்படித்தான் மடக்கும். இப்போது கரும்புக்குள் இருப்பவற்றுக்கு மட்டும் ஏடிஆரை அணைத்து எஸ்எஃப்-10இல் நிறுத்திவிட்டேன். கம்பத்தையும் மூன்றரை மீட்டராக உயர்த்தினேன், ஆன்டெனா தோகைக்கு மேல் தெரிகிற மாதிரி. அடுத்த இரண்டு மழைக்காலத்திலும் ஒன்றுகூட விடுபடவில்லை. தென்னைக்குள் இருப்பவற்றில் ஏடிஆர் அப்படியே இருக்கிறது, மரம் ஒரே வருடத்தில் வளர்ந்து மறைப்பதில்லையே.

லோராவின் பலவீனம் கேட்வேதான். அது நின்றால் பதினான்கும் நிற்கும், அந்த நேரத்துத் தகவல் திரும்பி வராது. ஒரு சித்திரை இடியில் கேட்வேயின் பிராட்பேண்ட் முனை கருகி ஐந்து நாள் இருட்டில் இருந்தேன். எல்லாம் ஒரே நிமிடத்தில் மௌனமானால் ஏணியை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போகலாம், ஒன்று மட்டும் மௌனமானால் காட்டுக்குப் போகலாம். இடிதாங்கியும் ஆன்டெனா வரிக்கு அரெஸ்டரும் போட்ட பிறகு தொல்லை இல்லை. கேட்வேக்குக் கம்பம், யுபிஎஸ் உட்பட எனக்கு 22,000 ரூபாய் ஆனது. அலைவரிசைக்குக் கட்டணம் கிடையாது, இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் வேண்டாம்.

தண்ணீர் வால்வைத் திறக்க இரண்டில் எதையும் பேட்டரியில் நம்பாதீர்கள். இரண்டும் தூக்கத்தில் இருக்கும்போது உங்கள் கட்டளையைக் கேட்காது, அடுத்த முறை தாமாக விழிக்கும்போதுதான் கேட்கும்.

ஒரே சுற்றுக்குள் ஐந்தாறு சென்சார் வைப்பவர்களுக்கும், உயரமாக ஒரு தொட்டியோ மாடியோ இருப்பவர்களுக்கும் லோராவே என் தேர்வு. தள்ளித் தள்ளி ஒன்றிரண்டு வைப்பதென்றால் என்பி-ஐஓடிதான், ஆனால் வைப்பதற்கு முன் அதே இடத்தில், அதே உயரத்தில் ஒரு நாள் ஓட்டி விழிப்பு நேரத்தை அளந்துவிடுங்கள். இருபது விநாடியைத் தாண்டினால் நான் அந்த இடத்தில் கம்பம் நடமாட்டேன். ஓடைக்கரையில் இருந்த ஒன்றை இந்தத் தையில் நாற்பது அடி மேலே வரப்புக்கு மாற்றினேன், எழுபது விநாடி பதினொன்றாகக் குறைந்தது.