கார்டு முகப்பில் இருக்கும் 170, வீடியோவுக்கு உதவாத 170

சுங்கை சிப்புட்டில் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர், ஆன்லைனில் கேமராவுக்கான V30 மெமரி கார்டு விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா அண்ணே என்று கேட்டார். அதே கார்டைத்தான் நான் ரொம்ப நாளாக வைத்திருக்கிறேன். இதுவரை ஒரு ஃபைல்கூட கெட்டதில்லை. ஆனால் அதன் முகப்பில் கொட்டை எழுத்தில் இருக்கும் 170ஐப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

அது நொடிக்கு எத்தனை மெகாபைட் படிக்கலாம் என்ற வேகம், கம்ப்யூட்டருக்கு மாற்றும்போதுதான் உதவும். வீடியோவுக்கு வேண்டியது இடைவிடாமல் எழுதும் வேகம், அதைச் சொல்வது ஓரத்தில் பொடியாக இருக்கும் V30: நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட். கேமரா மெனுவோ மெகாபிட்டில் பேசும், அதை எட்டால் வகுக்க வேண்டும். 200 மெகாபிட் என்றால் 25 மெகாபைட், V30 தாங்கும். ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனியாகச் சுருக்கும் 400 மெகாபிட் ஆல்-இன்ட்ரா என்றால் 50, அதற்கு V60 வேண்டும்.

கோயில் தீமிதிக்கு முன்னால் இந்தக் கார்டில் 400 வைத்துச் சோதித்தேன். மூன்று நிமிடத்துக்கு மேல் ஒழுங்காக ஓடியது, அப்புறம் பதிவு தானாக நின்றுவிட்டது. பெரிய ஃபைல் ஒன்றை யூஎஸ்பி 3 ரீடர் வழியாகக் கார்டுக்குக் காப்பி செய்து பார்த்தபோது காரணம் புரிந்தது: திரையில் 80 மெகாபைட்டில் ஓடிய வேகக் கோடு, பத்து ஜிபி தாண்டியதும் 35க்கு விழுந்து அங்கேயே கிடந்தது. இந்த மாதிரி கார்டுகளில் ஒரு செல்லில் மூன்று பிட் எழுத வேண்டும், எட்டு மின்னழுத்த நிலைகளில் சரியானதைப் பிடிக்க நேரமாகும். அதனால் கொஞ்சம் இடத்தில் மட்டும் செல்லுக்கு ஒரு பிட்டாக வேகமாக எழுதிக்கொள்வார்கள். அந்த இடம் நிறைந்ததும் நிஜ வேகம் வெளியே வரும். கேமரா 50 அனுப்புகிறது, கார்டு 35தான் வாங்குகிறது, மிச்சம் கேமராவின் பஃபரில் சேர்ந்து சேர்ந்து அதுவும் நிறைந்துவிடும். அதனால்தான் அரை நிமிடம் எடுத்துப் பார்த்துவிட்டு கார்டு நன்றாக இருக்கிறது என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. கார்டு நிறையும்வரை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

நியாயமாகச் சொன்னால் கார்டு பொய் சொல்லவில்லை. 30க்குக் கீழே ஒருமுறைகூட இறங்கவில்லை. தீமிதியை 200இல் எடுத்தேன், பூங்கரகம் கிளம்பியதிலிருந்து கடைசி ஆள் குழி தாண்டும்வரை நிற்கவே இல்லை.

V60 வாங்கும் முன் கேமராவின் ஸ்லாட்டைப் பாருங்கள். V60 கார்டின் பின்புறம் இரண்டாவது வரிசைத் தகடு இருக்கும், அது யூஎச்எஸ்-2 என்ற வேகமான இணைப்பு. ஸ்லாட் யூஎச்எஸ்-1 என்றால் அந்த வரிசைக்கு வேலையில்லை, V60 உத்தரவாதமும் கிடைக்காது. தம்பியின் கேமராவில் யூஎச்எஸ்-2 இருக்கிறது. அவர் எடுப்பது 200தான், கணக்குப்படி V30 தாராளமாகப் போதும். இருந்தாலும் V60 வாங்கச் சொல்லிவிட்டேன். அந்த 170க்கு இன்னொரு முறை காசு கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, அது தம்பியின் காசாக இருந்தாலும்.