வீடு போய்ச் சேர்ந்ததும் சொல்லு: பெங்களூருவில் நான்கு மொழிகளில்

அலசூரில் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்து தோழிகள் கிளம்பும்போது மணி பத்தரை. மல்லேஸ்வரம் போகிறவர் கன்னடக்காரர், ஒயிட்ஃபீல்டு போகிறவள் பாட்னா பெண், ஹெப்பாள் போகிற சேச்சி மலையாளி. மூவரிடமும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதை அவரவர் மொழியில் சொல்லப் பழகிய பிறகுதான், ஒவ்வொரு மொழியும் இதை வேறு விதமாகக் கேட்கிறது என்று புரிந்தது.

முதலில் நம் தமிழ். "போய்ச் சேந்துட்டியா?" என்று கேட்டால் என் பாட்டி முகம் சுளிப்பார். இறந்தவரைத்தானே "போய்ச் சேர்ந்துட்டார்" என்கிறோம்? அதனால் "வீட்டுக்கு" என்பதைச் சேர்த்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் "வீட்டுக்கு வந்துட்டியா?" என்று கேட்பது நல்லது. கிளம்பும்போது "போறேன்" என்று சொல்லாமல் "போயிட்டு வரேன்" என்பதும் இதே அச்சத்தில்தான்.

ஆனால் தமிழில் ஒரு வசதி இருக்கிறது. "வீட்டுக்குப் போயாச்சா?" என்று கேட்டால் நீயா நீங்களா என்று முடிவு செய்யவே வேண்டாம். ஆச்சு என்ற முடிவு ஆளைச் சுட்டாமல் நடந்து முடிந்த காரியத்தை மட்டும் சொல்கிறது. வயதில் மூத்தவராக இருந்தும் தோழியாகிவிட்டவர், மரியாதையும் உரிமையும் கலந்து பழகும் மேலதிகாரி போன்றவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி கிடையாது.

கன்னடத்தில் வழக்கமாகக் கேட்கும் கேள்வியில் இப்படித் தப்பிக்க முடிவதில்லை. "மனெ தலுபித்யா?" என்றால் நெருக்கம், "மனெ தலுபித்ரா?" என்றால் மரியாதை. மல்லேஸ்வரத்துக்காரரிடம் ஆரம்பத்தில் நான் "யா" போட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பதிலில் எனக்கு "ரா" வைத்தார். அதைப் பார்த்துத் திருந்தினேன். இன்னொரு சொல்லும் உண்டு: "மனெ முட்டித்ரா?" முதன்முறை கேட்டபோது, வீட்டில் போய் இடித்துக்கொண்டீர்களா என்று கேட்பதுபோலத் தோன்றியது. கன்னடத்தில் முட்டு என்றால் தொடுவது, அப்படியே சென்று சேர்வதும்கூட. வீட்டைத் தொட்டீர்களா என்று கேட்பது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஆனால் நகரத்தில் பாதிப் பேர் "ரீச் ஆத்ரா?" என்றே முடித்துவிடுகிறார்கள்.

இந்தியில் நான் அதிகம் தடுமாறியது கேள்வியில் இல்லை, முன்கூட்டிச் சொல்லும் வேண்டுகோளில்தான். நம் "சொல்லு" என்பதை அப்படியே மாற்றி "பஹுஞ்ச்கே பதாவோ" என்பேன். பாட்னா பெண்தான் திருத்தினாள். "பதாவோ" என்றால் இப்போதே சொல் என்கிற தொனி. பின்னால் செய்ய வேண்டிய காரியத்துக்கு "னா" முடிவு வேண்டும்: "பஹுஞ்ச்கே பதா தேனா." மரியாதை வேண்டுமானால் "பதா தீஜியேகா." தமிழில் "சொல்லு" என்ற ஒரே வடிவம் இப்போதைக்கும் இரண்டு மணி நேரம் கழித்தும் பொருந்தும். இந்தியில் அந்த இடைவெளியே வினைச்சொல்லுக்குள் வந்துவிடுகிறது. அதனால் "தேனா" கேட்கும்போது அவசரப்படுத்துவதாகத் தெரிவதில்லை.

கேள்விக்கு வந்தால் இந்தியில் இன்னொரு கவனம் தேவை. ஆணிடம் "பஹுஞ்ச் கயே?", பெண்ணிடம் "பஹுஞ்ச் கயீ?" தமிழில் முன்னிலையில் ஆண்பால் பெண்பால் பிரிப்பதில்லை என்பதால் நம் வாயில் "கயே" எல்லோருக்கும் வந்துவிடும்.

மலையாளத்தில் கேள்வி மிகச் சுருக்கம்: "எத்தியோ?" அவ்வளவுதான். கிளம்பும்போது சொல்வதுதான் அழகு: "எத்தியிட்டு விளிக்கணே." விளிப்பது என்றால் போன் செய்வது. கடைசியில் வரும் அந்த "ணே" கட்டளையைக் கெஞ்சலாக்குகிறது. தமிழில் "போன் பண்ணு, சரியா?" என்று இழுத்துச் சொன்னால்தான் அந்தக் கனிவு ஓரளவுக்கு வரும்.

எனக்கு எது நல்லது என்று கேட்டால், வழியனுப்பும்போது மலையாளத்தின் "ணே"யைத்தான் தேர்ந்தெடுப்பேன். இரவு பன்னிரண்டுக்கு அனுப்பும் மெசேஜுக்குத் தமிழின் "போயாச்சா?" போதும். அதற்கு "போயாச்சு" என்ற ஒரே சொல்லில் பதில் வரும், தூக்கக் கலக்கத்திலும் தட்டிவிடலாம். மல்லேஸ்வரத்துக்காரர் தமிழ் கற்றவரில்லை. ஆனால் போன வாரம் அவரிடமிருந்து நான் கேட்பதற்கு முன்னாலேயே வந்தது, தமிழ் எழுத்தில்: "முட்டியாச்சு."