ஒரு தடவைதான் பாஸ்வேர்டு போட்டேன், போனது 5,792 ரூபாய்

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் நாளைக்கு "போனது போச்சு" என்று நானே விட்டுவிடுவேன்.

எங்களுக்கு கேரளாவில், பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை பக்கம். தேங்காய் வியாபாரம். என் போன் பில் மாதம் 471 ரூபாய் வரும். முந்தாநாள் வந்த பில் 6,352. முதலில் வேறு யாருடைய பில்லோ என்றுதான் நினைத்தேன். விரித்துப் பார்த்தால் ஒரே தேதியில், ஒரே ராத்திரியில் ஒன்பது வரி. எல்லாமே கேம். அதில் முதல் வரி 89 ரூபாய், அது நான் தெரிந்தே வாங்கிக் கொடுத்தது. மீதி எட்டு வரி சேர்த்து 5,792 ரூபாய்.

நாலாவது படிக்கிற என் மகன் செய்தது. ஆனால் அவனை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

இந்த போனை எங்கள் பக்கத்துச் சித்தூரில் ஒரு மொபைல் கடையில் வாங்கினேன். ஆப் கடைக்கு அக்கவுண்ட் திறந்து கொடுத்தது அங்கே இருந்த பையன். பணம் கட்டும் வழி என்று ஒரு பக்கம் வந்தது. "ஏதாவது ஒண்ணு கொடுக்கணும் சேட்டா, இல்லேன்னா ஆப் இறங்காது. உங்க போன் பில்லையே கொடுத்துடறேன், கார்டு நம்பர் எல்லாம் வேண்டாம்" என்றான். அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போக வழி இருக்கிறது, இலவச ஆப்புக்கு எதுவும் கொடுக்கத் தேவையில்லை என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அன்றைக்கு நான் கேட்டது ஒன்றே ஒன்று: "பையன் கையில போன் போகும்பா, காசு போயிடுமா?" அவன் சிரித்தான். "பாஸ்வேர்டு வெச்சிருக்கேன் சேட்டா. அது இல்லாம அஞ்சு பைசா போகாது." பாஸ்வேர்டைப் பெட்டி மேல் எழுதியும் கொடுத்தான். அதைக் கேட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தவன் நான்.

பில்லில் இருக்கிற அந்த ராத்திரி, மணி 8.10. என் மகன் ஒரு வாரமாகக் கெஞ்சிய, கேமுக்குள் வாங்குகிற 89 ரூபாய் வைரப் பொட்டலம். சரி, போகட்டும் என்று வாங்கினேன். பாஸ்வேர்டு கேட்டது, போட்டேன். கேட்டதைப் பார்த்து எனக்குத் திருப்திதான், பூட்டு வேலை செய்கிறதே என்று. போனை அவன் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

இனிதான் விஷயம். அந்தக் கடைப் பையன் பூட்டு போட்டது உண்மை. ஆனால் எந்தப் பூட்டு? அமைப்பில் மூன்று இருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் கேட்பது ஒன்று, கேட்கவே கேட்காதது ஒன்று. நடுவில் "Every 30 minutes" என்று ஒன்று. என் போனில் இருந்தது இந்த நடுவில் உள்ளது. அரை மணிக்கு ஒரு தடவை கேட்கும் என்றுதானே யாரும் நினைப்போம்? அதன் அர்த்தம் வேறு. ஒரு தடவை பாஸ்வேர்டு போட்டால் அடுத்த 30 நிமிடத்துக்குக் கதவு திறந்தே கிடக்கும். அந்த அரை மணியில் யார் கையில் போன் இருந்தாலும், அழுத்த அழுத்த வாங்கிக்கொண்டே இருக்கும். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கதவிலேயே விட்ட மாதிரி.

ரசீதுகளின் நேரத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. 8.14-க்கு 449 ரூபாய். அப்புறம் அதே 449 இன்னும் மூன்று தடவை. பிறகு தைரியம் வந்து 799, மூன்று தடவை. கடைசியாக 8.38-க்கு 1,599. அதோடு ஏன் நின்றது என்று அவனையே கேட்டேன். "அப்புறம் பாஸ்வேர்டு கேட்டுச்சுப்பா, அதான் விட்டுட்டேன்" என்றான். 8.40-க்குக் கதவு சாத்திக்கொண்டது, அவ்வளவுதான். கேட்கும்போது நிறுத்திய பிள்ளை, முதலிலேயே கேட்டிருந்தால் முதலிலேயே நின்றிருப்பான். 5,792 ரூபாயும் வீட்டில் இருந்திருக்கும்.

கார்டாக இருந்தால் ஓடிபி வரும், யுபிஐ என்றால் பின் கேட்கும். இரண்டில் ஒன்று என்னைத் தட்டி எழுப்பியிருக்கும். போன் பில்லில் சேர்கிற பணத்துக்கு என் போனில் அந்தத் தட்டலும் இல்லை. ரசீதுகள் எல்லாம் கடைப் பையன் திறந்த மெயிலுக்குப் போயிருக்கின்றன. அப்படி ஒரு மெயில் இருப்பதே எனக்கு நினைவில் இல்லை. பில் வந்தபோது 19 நாள் ஆகியிருந்தது.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். ஆப் கடைக்கு எழுதினேன். சில நிமிடத்தில் பதில்: உங்கள் சாதனத்தில், உங்கள் அக்கவுண்டில், சரிபார்த்த பிறகே வாங்கப்பட்டது, திருப்பித் தர இயலாது, கேம் நிறுவனத்தைக் கேளுங்கள். கேம் நிறுவனம்: வைரங்கள் செலவாகிவிட்டன, ஆப் கடையைக் கேளுங்கள். போன் கம்பெனி: நாங்கள் வசூல் மட்டும்தான். பாலக்காட்டு ஷோரூமில் இன்னும் ஒரு படி மேலே. சிம் பொள்ளாச்சியில் வாங்கியது, தமிழ்நாடு சர்க்கிள், இங்கே ஒன்றும் செய்ய முடியாது, அங்கே போங்கள் என்றார்கள். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி பொள்ளாச்சி போனேன். அங்கே இருந்த அம்மா, "ஆப்ல வாங்கினதுக்கு நாங்க என்ன சார் பண்றது, முதல்ல பில்லைக் கட்டுங்க, இல்லேன்னா லைன் கட் ஆயிடும்" என்றார். தேங்காய் ஆர்டர் எல்லாம் அந்த நம்பரில்தான் வருகிறது. கட்டிவிட்டேன். 471-உம் கட்டினேன், 89-உம் கட்டினேன், அந்த 5,792-உம் கட்டினேன்.

கடைப் பையனிடமும் போனேன். "பாஸ்வேர்டு போட்டது நீங்கதானே சேட்டா?" என்றான். என்ன பதில் சொல்ல? போட்டது நான்தான்.

இது தெரியாமல் நடக்கிற தவறும் இல்லை. அமெரிக்காவில் 2014-இலேயே குழந்தைகள் இப்படிச் செலவழித்த பணத்துக்காக இரண்டு பெரிய நிறுவனங்கள் கோடிக்கணக்கான டாலர் திருப்பித் தர ஒப்புக்கொண்டன. ஒன்றில் 15 நிமிடக் கதவு, இன்னொன்றில் 30 நிமிடக் கதவு. அங்கே அரசு கேட்டது, கொடுத்தார்கள். எனக்கு யார் கேட்பார்கள்?

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். லோடு வண்டி வந்து நிற்கிறது, அவசரமாகச் சொல்கிறேன். ஆப் கடையின் அமைப்புக்குள் போய், வாங்கும்போது சரிபார்ப்பது எத்தனை தடவை என்ற இடத்தில் "Always" வையுங்கள். வைத்ததும் நம்பிவிடாதீர்கள். ஏதாவது விலையுள்ள ஆப்பில் வாங்கும் பொத்தானை அழுத்தி, கேட்கிறதா என்று பார்த்துவிட்டு ரத்து செய்யுங்கள். அந்த அமைப்பு அந்த ஒரு போனுக்கு மட்டும்தான், வீட்டில் இன்னொரு போனோ டேப்போ இருந்தால் அதில் தனியாக வைக்க வேண்டும். பிள்ளையின் விரல் ரேகை போனில் பதிந்திருந்தால் எடுத்துவிடுங்கள், பாஸ்வேர்டுக்குப் பதில் ரேகையே போதும் என்று இருந்தால் பூட்டுக்கு அர்த்தமில்லை. பணம் கட்டும் வழியில் போன் பில் இருந்தால் இன்றைக்கே நீக்குங்கள். ரசீது மெயிலைத் திறந்து பாருங்கள், இரண்டு நாளில் பார்த்துக் கேட்டிருந்தால் என் கதை வேறு மாதிரி ஆகியிருக்கலாம்.

டிரைவர் ஹாரன் அடிக்கிறான். அவனுக்கு வாடகை கொடுக்க வைத்திருந்த பணம்தான் அந்த 5,792.