இரணைமடுவுக்கு வரும் நீர்: சம இடைவெளியா, தகவமையும் தொகையீடா?

குளத்துக்கு ஒரு நாளில் வந்த நீரைக் கணக்கிட எந்தச் சிம்சன் முறை நல்லது என்று கிளிநொச்சி மாணவர்கள் கேட்கிறார்கள். நேரம் t மணியில்; வரத்து, செக்கனுக்குக் கனமீற்றரில், இப்படி என்று கொள்வோம்:

```
q(t) = 10 + 90·exp(-2(t-15)²)
```

பிற்பகல் 3 மணிக்கு ஒரு குறுகிய வெள்ளம். மற்ற நேரமெல்லாம் சீரான ஓட்டம்.

உழைப்பு
சம இடைவெளி: உச்சத்துக்காகக் கால் மணி இடைவெளி எடுத்தால், அமைதியான இரவுக்கும் அதே செலவு.
தகவமைவு: ஆயிடையை ஒரு துண்டாகவும் இரண்டாகவும் கணக்கிட்டு, வித்தியாசத்தை 15ஆல் வகுத்தால் வழு மதிப்பீடு. அது நாம் ஏற்கும் வழு எல்லையை மீறினால் மட்டுமே ஆயிடை பாதியாகும். ஒவ்வொரு பாதிக்கும் பாதி எல்லையுடன் அதே சோதனை.

நம்பகம்
தகவமைவு ஏமாறும் இடம் இதுதான். முதற்சோதனை 0, 6, 12, 18, 24 மணிகளை மட்டுமே பார்க்கிறது. ஐந்திலும் q ஏறக்குறைய 10. மதிப்பிட்ட வழு பூச்சியத்தை ஒட்டிவிட, 8,64,000 கனமீற்றர் என்று நின்றுவிடும். வெள்ளம் கொண்டுவந்த சுமார் 4,06,000 கனமீற்றர் காணாமல் போகும்! ஆகவே 15இல் முதலிலேயே பிரியுங்கள். அப்போது [0, 15] ஆயிடையில், 3600ஆல் பெருக்கிக் கனமீற்றராக்கும் முன், 375, 262.5 என இரு விடைகள் வரும்; மதிப்பிட்ட வழு 7.5. பிரிப்பு தானாகத் தொடரும்.

தரவு
மணிக்கொருமுறை எடுத்த மானி வாசிப்புகள்தான் கையில் என்றால் சம இடைவெளியே வழி. இடையில் புதுப் புள்ளி கேட்க முடியாது. சார்பு கையில் இருந்து, உச்சம் வரும் நேரமும் தெரிந்தால் தகவமைவையே எடுப்பேன்.