கம்பியில்லா மைக்: ஒரு ஆன்டெனாவா, இரண்டா, இரண்டு ரிசீவரா?

டர்பன் சாட்ஸ்வர்த்தில் எங்கள் கோயில் மண்டபத்துக்குத் தகரக் கூரை, இரும்புத் தூண்கள். காவடிக்கு முந்தின வாரம், பஜனை ஒத்திகையில் மாமா ஒருவர் நடந்துகொண்டே பாடினார். ஓரிடத்தில் குரல் அறுந்தது. "மாமா, அரைச் சாண் முன்னால வாங்க" என்றேன். குரல் திரும்பிவிட்டது. பேட்டரி தீர்ந்திருந்தால் அரைச் சாணில் உயிர் வராது.

மைக்கின் அலைவரிசை ஏறக்குறைய 600 மெகாஹெர்ட்ஸ். அலையின் நீளம் 50 செ.மீ. ரிசீவருக்கு நேராக ஓர் அலை போகிறது. மாமாவுக்குப் பின்னால் இருக்கும் தூணில் பட்டுத் திரும்பி இன்னொன்று போகிறது. மாமா ரிசீவரை நோக்கி 12.5 செ.மீ. நகர்ந்தால் நேர்வழி அவ்வளவு குறையும், தூண்வழி அவ்வளவு கூடும். வித்தியாசம் 25 செ.மீ., அதாவது அரை அலை. சேர்ந்து வந்தவை இப்போது ஒன்றையொன்று அழிக்கும். நேர் அலையின் வீச்சு 1, திரும்பியது 0.9 என்றால், சேர்ந்தபோது 1.9, அழிந்தபோது 0.1. திறனில் பார்த்தால் 361 மடங்கு வீழ்ச்சி!

ஒற்றை ஆன்டெனா ரிசீவர் திறந்த மைதானத்துக்குப் போதும். எங்கள் மண்டபத்தில் சிக்னல் இப்படி அழிந்துபோகும் குழிகளைத் தாண்ட அதனிடம் வழியே இல்லை.

அப்புறம் நான் செய்த அசட்டுத்தனம்: இரண்டு ஆன்டெனாக்களை ஒரே கேபிளில் இணைத்தேன். இரண்டின் சிக்னலும் கேபிளுக்குள்ளேயே எதிரெதிராகச் சந்தித்து அழிந்தன. குழிகள் இடம் மாறியதுதான் மிச்சம்.

மூன்றாவது வகையில் ரிசீவர் ஒன்று, ஆன்டெனா இரண்டு. சிக்னல் ஓர் அளவுக்குக் கீழே போனதும் ரிசீவர் மற்றதற்குத் தாவும். ஆனால் அங்கே எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் தாவுகிறது. சில சமயம் இன்னும் மோசமான இடத்தில் விழும். தாவும்போது சின்னதாக ஒரு 'டிக்' கேட்பதும் உண்டு. விலைக்குக் குறை சொல்ல மாட்டேன்.

ஆன்டெனாவுக்கு ஒரு ரிசீவர் என இரண்டு முழு ரிசீவர்கள் உள்ள பெட்டியைத்தான் நான் வாங்கச் சொல்வேன். அது இரண்டையும் எப்போதும் அளந்து, நல்லதை எடுக்கிறது. நேர்வழி மறைந்து சிதறல்கள் மட்டும் வரும் மண்டபத்தில், சிக்னலின் திறன் சராசரியில் பத்தில் ஒன்றுக்குக் கீழே போக வாய்ப்பு 9.5 சதவீதம். தொடர்பில்லாத இரண்டு ஆன்டெனாவும் ஒரே நேரத்தில் அப்படிப் போக வாய்ப்பு 0.9 சதவீதம்.

'தொடர்பில்லாத' என்பதில்தான் சூட்சுமம். இரண்டையும் ஒட்டி வைத்தால் இரண்டும் ஒரே குழியில் விழும். குறைந்தது கால் அலை, முடிந்தால் அரை அலை இடைவெளி வேண்டும். V போல விரித்து வைத்தால் மைக்கை எப்படிச் சாய்த்தாலும் ஒன்றாவது பிடிக்கும். பெட்டியை இரும்பு அலமாரிக்குள் பூட்டி வைத்தால் எந்த வகையும் உதவாது.