வள்ளத்துப் பெட்டிக்கு அப்டேட்: செக்சம், ஹெச்மேக், கையெழுத்து, எது தேறும்?

பாம்பன், மண்டபம் பக்கம் வள்ளங்கள்ல 22 ஜிபிஎஸ் பெட்டி மாட்டியிருக்கேன், உள்ள ஈஎஸ்பி32 போர்டு, கரைக்கு வந்ததும் வைஃபைல அப்டேட் எடுத்துக்கும். வர்ற ஃபைல் நான் அனுப்புனதுதானான்னு பெட்டிக்கு எப்படித் தெரியும்? மூணு வழி பாத்தேன், இப்ப கையெழுத்துக் கட்சி, அதனால நடுநிலையெல்லாம் எதிர்பாக்காதீங்க.

வெறும் செக்சம்னா ஃபைல்ல இருக்குற பைட்டெல்லாம் வச்சுக் கணக்குப் போட்டு எடுக்குற ஒரு நம்பர், சீக்கிரம் முடிஞ்சுரும். பாதில அறுந்த டவுன்லோட புடிக்கும், ஆனா ஃபைல மாத்துறவன் செக்சத்தையும் புதுசா போட்டு வச்சிருவான்.

ஹெச்மேக்னா அந்தக் கணக்குல ஒரு ரகசியச் சாவியையும் கலக்குறது. வேலை சுளுவு, மொதல்ல இதத்தான் போட்டேன். அப்புறம் ஒரு நாள் வள்ளத்துலேர்ந்து ஒரு பெட்டி காணாமப் போச்சு, கடல்ல விழுந்துச்சா எவனும் கழட்டுனானான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்ல. ஏன்னா இதுல சரிபாக்குற சாவியும் முத்திரை போடுற சாவியும் ஒண்ணுதான். ஃபிளாஷ் என்கிரிப்ஷன் நான் போடல, யூஎஸ்பி ஒயர மாட்டி `read_flash` அடிச்சா சாவி அப்படியே வெளிய வந்துரும், மிச்சம் 21 பெட்டிக்கும் அவனே அப்டேட் செஞ்சு அனுப்பலாம். பெட்டிக்கு ஒரு சாவின்னு பிரிக்கலாம், ஆனா ஒவ்வொரு அப்டேட்டுக்கும் 22 முத்திரை யாரு போடுறது?

கையெழுத்துல சாவி ரெண்டு. போடுற சாவி பெட்டிக்குள்ள போகவே போகாது, பெட்டில இருக்குறது சரிபாக்க மட்டும் ஆகுற சாவி, அத எடுத்தாலும் கையெழுத்துப் போட முடியாது.

```
openssl dgst -sha256 -sign priv.pem -out fw.sig fw.bin
openssl dgst -sha256 -verify pub.pem -signature fw.sig fw.bin
```

சரியா இருந்தா `Verified OK`. ஹெக்ஸ் எடிட்டர்ல ஒரே ஒரு பைட்ட மாத்திப் பாத்தேன், உடனே `Verification failure`. பெட்டி புது ஃபைல காலி பார்ட்டிஷன்ல எறக்கி, இதே சோதனையப் பண்ணி, தேறுனாத்தான் அடுத்த தடவ அதுலேர்ந்து பூட் ஆகும், தேறலன்னா பழசே ஓடும்.

ஓட்டை இதுலயும் உண்டு. நான் போன வருஷம் கையெழுத்துப் போட்ட பழைய, பக் உள்ள ஃபைல எவனாச்சும் திருப்பி அனுப்புனா கையெழுத்து சரியாத்தான் இருக்கும்! அதனால வெர்ஷன் நம்பரயும் ஃபைலுக்குள்ளயே வச்சு கையெழுத்துப் போட்டு, இருக்குறத விடச் சின்ன நம்பர் வந்தா தள்ளிவிடச் சொல்லியிருக்கேன். பெட்டியவே கைல வச்சிருக்கவன் அந்தப் பெட்டிய மாத்தி எழுதலாம், அதத் தடுக்க செக்யூர் பூட் வேணும், நான் இன்னும் போடல. ஆனா அவனால மத்த பெட்டியத் தொட முடியாது.

உண்மையான செலவு சாவியப் பாத்துக்குறதுதான். போடுற சாவி தொலைஞ்சா எல்லாப் பெட்டியையும் கரைல கழட்டி ஒயர் மாட்டித்தான் மாத்தணும். அதனால ரெண்டு ஜோடி சாவி செஞ்சு, ரெண்டோட சரிபாக்குற சாவியும் பெட்டிக்குள்ள ஏத்திட்டேன். ரெண்டாவது ஜோடிக்கு மாறுற நெலம இதுவரைக்கும் வரல, நடைமுறைல எப்படிப் போகும்னு பாக்கல. ரெண்டாவது ஜோடியோட போடுற சாவி இருக்குற பென்டிரைவ் கீழக்கரைல மச்சான் வீட்டு பீரோல இருக்கு, படம் ஏத்திக்குறேன்னு அழிச்சிறாதன்னு எழுதி ஒட்டியிருக்கேன்.